படிவம் "நன்றி" சொல்கிறது, மெயில் வரவில்லை

"ஆற்காட்டில் எங்கள் மக்கன் பேடா கடைக்கு இணையதளம் தயார். ஆர்டர் படிவத்தை அனுப்பினால் 'நன்றி' வருகிறது, மெயில் வருவதில்லை. திங்கட்கிழமை வெளியிட வேண்டும்."

அனுப்புநர் முகவரியை மாற்றுங்கள். படிவ அமைப்பில் `From` என்ற இடத்தில் வாடிக்கையாளரின் ஜிமெயில் முகவரி இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே உங்கள் தளத்தின் பெயரில் உள்ள முகவரியைப் போட்டு, வாடிக்கையாளர் முகவரியை `Reply-To` என்ற இடத்துக்கு மாற்றுங்கள். ஜிமெயிலின் பெயரில் உங்கள் சர்வர் கடிதம் அனுப்பினால், பெறுகிற பக்கம் அதைப் போலி என்று கருதி ஸ்பாமில் தள்ளும், அல்லது வாங்கவே மறுக்கும். "நன்றி" வந்தால் படிவம் போனது என்று மட்டுமே பொருள்.

மாற்றியபின் போனிலிருந்து ஓர் ஆர்டர் போடுங்கள். வந்த மெயிலைக் கணினியில் ஜிமெயிலில் திறந்து `Show original` அழுத்தினால் `SPF` எதிரே `PASS` இருக்க வேண்டும்; உங்கள் தளத்தின் பெயரில் அனுப்ப அந்த சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் சோதனை அது. `FAIL` என்றால் அந்த அனுமதியைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவைத் திருத்தித் தரும்படி ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள். அது நடப்புக்கு வர ஒரு நாள்கூட ஆகலாம், ஞாயிறு இரவு வரை தள்ளாதீர்கள்.

போனில் சோதிக்கும்போது தொலைபேசி எண் கட்டத்தையும் பாருங்கள். ராணிப்பேட்டையில் நான் செய்துகொடுத்த ஒரு தளத்தில் போன் தானாக +91 சேர்த்து நிரப்பியது. கட்டமோ 10 எழுத்துக்குமேல் ஏற்காது. கடைசி மூன்று இலக்கங்கள் இல்லாமலே எண்கள் வந்து சேர்ந்தன.

எல்லாம் சரியாக இருந்தாலும் மெயில் என்றாவது தவறும். ஒவ்வோர் ஆர்டரும் தளத்தின் தரவுத்தளத்திலும் பதிவாகும்படி செய்துவிடுங்கள்.