பூல் வேகத்த வச்சு 5 கிலோமீட்டர் ஏரி நீச்சல் டைம்

அண்ணாச்சி, பாளையங்கோட்டை பூல்ல 400 மீட்டர் 8 நிமிஷம், 200 மீட்டர் 3:50. வெளியூர் ஏரியில 5 கிலோமீட்டர் எவ்ளோ ஆகும்? வெட்சூட் போட்டா?

தம்பி, ரெண்டு டைமுக்கும் உள்ள வித்தியாசம் 4:10, அதான் 200 மீட்டருக்கு, அப்ப 100க்கு 2:05. இது முக்கிப் போற வேகம், ரெண்டு மணி நேரம் ஓடாது, அதனால 7 செகண்ட் கூட்டு, 2:12. 25 மீட்டர் பூல்ல ஒவ்வொரு தடவையும் சுவத்த உதைச்சு வாறதுல கிடைக்கிற லாபம் ஏரியில கிடையாது, அதுக்கு ஒரு 3 செகண்ட், ஆக 2:15.

எல்லாரும் விடுறது கோணல்தான். கோடு இல்லாத தண்ணியில 5 கிலோமீட்டர் சும்மா 5.2 ஆயிரும். 52 தடவ 2:15ன்னா 1 மணி 57 நிமிஷம்.

வெட்சூட்னா 100க்கு 5 செகண்ட் கொறைச்சுக்கோ, சுமார் 1:52:40 வரும். அது கால மேல தூக்கி விடுது, அதனால கால் தாழ்ந்து நீந்துறவனுக்கு லாபம் ஜாஸ்தி, ஏற்கனவே மட்டமா மிதக்கிறவனுக்கு 2, 3 செகண்ட்தான். தோள்பட்டை இறுக்கமா இருந்தா அதுவும் போயிரும். நம்மூரு வெதுவெதுப்புத் தண்ணியில போட்டுப் பழகாத, உடம்பு சூடேறி மயக்கம் வந்துரும்.

அப்புறம் தாமிரபரணியில ஓட்டத்தோட நீந்துன டைம இந்தக் கணக்குல சேக்காத, அது ஆத்தோட வேகம். நேரா போறியான்னு பாக்க, பூல்ல கண்ண மூடி பத்து கை போடு, எந்தப் பக்கம் கயித்துல இடிக்கியோ ஏரியிலயும் அந்தப் பக்கந்தான் இழுக்கும்.