அட்டவணைக்கும் பேரேட்டுக்கும் இடையிலான வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: முன்கூட்டிச் செலுத்திய செலவுக்கும் முன்கூட்டிப் பெற்ற வருமானத்துக்கும் எக்செல் அட்டவணை வைத்து, மாதாமாதம் உரிய தொகையைப் பேரேட்டுக்கு மாற்றுகிறோம். ஆனாலும் ஆண்டு முடிவில் அட்டவணை காட்டும் மீதியும் பேரேட்டு இருப்பும் ஒத்துப்போவதில்லை. எங்கே தேடுவது?

பதில்:

ஆண்டு முடிவின் வித்தியாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். பன்னிரண்டு மாதங்களின் இறுதி நாட்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராகப் பேரேட்டு இருப்பு, அட்டவணை மீதி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆகிய மூன்றையும் போடுங்கள். அந்த வித்தியாசம் எந்த மாதத்தில் தோன்றியது, அதன்பின் அப்படியே நின்றதா அல்லது வளர்ந்துகொண்டே போனதா என்பதைப் பார்த்தாலே, தேட வேண்டிய இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஒரே மாதத்தில் தோன்றி, பிறகு மாறாமல் நிற்கும் வித்தியாசம் ஒரு தனி நிகழ்வால் வந்தது. பில் ஒன்று முன்கூட்டிச் செலுத்திய செலவுக் கணக்கில் பற்று வைக்கப்பட்டு, அட்டவணையில் ஏறாமல் போயிருந்தால், பேரேட்டு இருப்பு அந்தப் பில் தொகை முழுவதுமாக அதிகமாக நிற்கும். இதற்கு நேர்மாறாக, அட்டவணையில் ஏறிய பில்லை வேறொருவர் நேரடியாகச் செலவுக் கணக்கிலேயே எழுதியிருந்தால், பேரேட்டு இருப்பு அதே அளவு குறைவாக நிற்கும். மாதப் பதிவுகளும் தொடர்ந்து போவதால் அந்தச் செலவு இரண்டு முறை கணக்கில் ஏறுகிறது. மாதந்தோறும் ஒரே அளவில் வளரும் வித்தியாசம் என்றால், அட்டவணையின் ஏதோ ஒரு வரியின் மாதத் தொகை இரட்டிப்பாகப் பதிவாகிறது, அல்லது பதிவாகாமலே விடுபடுகிறது. மென்பொருளில் தானாக ஓடும் பதிவு ஒன்று இருக்க, அதே தொகையை ஒருவர் கையாலும் பதிவதுதான் இதற்கு நான் அதிகம் கண்ட காரணம். சில்லறைக் காசுகளில் மட்டும் ஏறி இறங்கும் வித்தியாசம் முழுமையாக்கலால் வருவது. கடைசி மாதத் தொகையைக் கணக்கிடாமல், மீதியை அப்படியே மாற்றினால் அது தீர்ந்துவிடும்.

இவற்றுள் மிகவும் ஏமாற்றுவது முதல் வகைதான். நான் கணக்குப் பார்த்த ஓரிடத்தில் இப்படி நடந்தது. ஒரு வாடிக்கையாளர் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையிலான பராமரிப்புச் சேவைக்கு 36,000 முன்பணமாகச் செலுத்தியிருந்தார். அட்டவணை மாதம் 3,000 வீதம் வருமானத்துக்கு மாற்றியது. ஜூன் 30-இல் அவர் சேவையை நிறுத்தவே, எஞ்சிய ஆறு மாதங்களுக்கான 18,000 திருப்பித் தரப்பட்டு, கிரெடிட் நோட் போடப்பட்டது. மென்பொருள் கிரெடிட் நோட்டை இயல்பாக வருமானக் கணக்கில்தான் பற்று வைக்கும். யாரும் அதை மாற்றவில்லை. அந்த 18,000 இன்னும் வருமானமாகவே ஆகாத தொகை என்பதால், முன்கூட்டிப் பெற்ற வருமானக் கணக்கில் அல்லவா அது பற்று வைக்கப்பட்டிருக்க வேண்டும்?

அட்டவணையில் அவருக்கான வரியை அப்படியே ஓட விட்டிருந்தால், ஜூலை முதல் டிசம்பர் வரை 3,000 வீதம் 18,000 வருமானத்துக்கு வந்து, ஆண்டு மொத்தம் சரியாகவே முடிந்திருக்கும். மாத அறிக்கைகள் தவறாக இருந்திருக்கும். இல்லாத பொறுப்பு ஒன்று ஜூன் மாத இருப்புநிலைக் குறிப்பில் 18,000 என்று நின்றிருக்கும். ஆனால் அட்டவணையைப் பராமரித்தவர் சேவை நின்றுவிட்டது என்ற செய்தி கிடைத்ததும், பொறுப்பாகவே அந்த வரியை நீக்கிவிட்டார். அதன்பின் அட்டவணை மீதி சுழியம், பேரேட்டு இருப்பு 18,000. அதை வருமானத்துக்கு மாற்ற எந்த வரியும் இல்லாததால் தொகை அங்கேயே தங்கிவிட்டது. ஆறு மாதச் சேவைக்கு ஈட்டிய 18,000-த்தைக் கிரெடிட் நோட்டின் பற்று முழுவதுமாக அழித்துவிட்டதால், ஆண்டு முழுவதும் அந்த வாடிக்கையாளரிடமிருந்து வருமானமே இல்லை என்று கணக்கு சொன்னது. இருவர் செய்ததும் தனித்தனியே பார்த்தால் நியாயமாகத் தோன்றும் வேலை என்பதால்தான் இத்தவறு கண்ணில் படுவதில்லை.

திருத்தம் ஒரே பதிவுதான்: முன்கூட்டிப் பெற்ற வருமானக் கணக்கில் பற்று 18,000, சேவை வருமானக் கணக்கில் வரவு 18,000. அந்த ஆண்டின் கணக்குகள் ஏற்கெனவே வெளியிடப்பட்டு, தொகையும் முக்கியமானதாக இருந்தால், நடப்பு ஆண்டு வருமானத்தில் சேர்த்துவிடக் கூடாது. பன்னாட்டுத் தரங்களைப் பின்பற்றுவோருக்கு ஐஏஎஸ் 8 முந்தைய ஆண்டின் எண்களையே திருத்தச் சொல்கிறது.

இனி வராமல் தடுக்க இரண்டு செய்யுங்கள். முதலாவது, அட்டவணையில் எந்த வரியையும் நீக்காதீர்கள். சேவை பாதியில் நின்றால், புதிய முடிவு நாளையும் திருப்பித் தந்த தொகையையும் அதே வரியில் எழுதி, உரிய பேரேட்டுப் பதிவின் எண்ணையும் பக்கத்தில் குறியுங்கள். அந்த எண்ணுக்கான கட்டம் காலியாக இருந்தால் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள்.

இரண்டாவது, மாதத் தொகையை நேரடியாகக் கணக்கிடாமல், இன்று வரை மொத்தம் எவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, பேரேட்டில் உண்மையில் பதிவானதை அதிலிருந்து கழியுங்கள். B2 தொடக்க நாள், C2 முடிவு நாள், D2 தொகை, G1 மாத இறுதி நாள் என்றால்:

```
=ROUND(D2*MAX(0,MIN(G$1,C2)-B2+1)/(C2-B2+1),2)
```

எடுத்துக்காட்டாக, 2024 அக்டோபர் 11 முதல் 2025 அக்டோபர் 10 வரை, 365 நாட்களுக்கான காப்பீட்டுப் பிரீமியம் 73,000. ஒரு நாளுக்கு 200. பில் கைக்கு வந்ததே டிசம்பரில் என்று கொள்ளுங்கள். மாதத் தொகையை மட்டும் பார்க்கும் அட்டவணை டிசம்பரின் 31 நாட்களுக்கு 6,200 மாற்றிவிட்டு, அக்டோபர், நவம்பர் பங்கை மறந்துவிடும். மேலே உள்ள வழியிலோ டிசம்பர் 31 வரையான 82 நாட்களுக்கு 16,400 ஆகியிருக்க வேண்டும். பேரேட்டில் இதுவரை எதுவும் இல்லை. ஆகவே இந்த மாதம் 16,400 மாறுகிறது. மீதி 283 நாட்களுக்கு 56,600. முடிவு நாளையோ தொகையையோ பின்னால் திருத்தினாலும், மூடிய மாதங்களைத் தொடாமல் வேறுபாடு முழுவதும் நடப்பு மாதத்தில் வந்து விழும். அது வழக்கத்துக்கு மாறான தொகையாகத் தெரிவதால் யாராவது காரணம் கேட்பார்கள்.

நாள் கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். காலம் கழியக் கழியச் சமமாகக் கிடைக்கும் காப்பீடு, சந்தா போன்றவற்றுக்கே அது சரி. ஐம்பது மணி நேரப் பயிற்சியை முன்கூட்டி விற்றிருந்தால், எத்தனை மணி நேரம் நடந்தது என்பதைக் கொண்டே வருமானத்துக்கு மாற்ற வேண்டும். அவ்வரிகளைத் தனித் தாளில் வையுங்கள்.

பேரேட்டில் பதிவானது என்ற கட்டத்தை மட்டும் அட்டவணையின் சென்ற மாதத் தாளிலிருந்து எடுக்காதீர்கள், பேரேட்டிலிருந்தே இறக்குங்கள். அட்டவணையை அட்டவணையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் என்றுமே சுழியமாகத்தான் தெரியும். உங்கள் ஆண்டு முடிவு வரை எதுவும் தெரியாமல் இருந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். முதலில் அந்தக் கட்டத்தின் சூத்திரத்தைத் திறந்து பாருங்கள்.