டான்சில் கல்: நோண்டாதீர்கள், பிதுக்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 31. எட்டு மாதமாகத் தொண்டையின் வலது பக்கம் சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்ட மாதிரியே இருக்கிறது. காறினால் சில நாள் மஞ்சள் கலந்த வெள்ளை உருண்டை ஒன்று வருகிறது. நசுக்கிப் பார்த்தால் தாங்க முடியாத நாற்றம். அலுவலகத்தில் யாரோடும் பக்கத்தில் நின்று பேசவே கூச்சமாக இருக்கிறது. இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. கண்ணாடி முன் நின்று ஹேர்பின்னால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். நேற்று ரத்தம் வந்துவிட்டது. டான்சிலையே எடுத்துவிட வேண்டுமா?

பதில்: முதலில் அந்த ஹேர்பின்னைத் தூரப் போடுங்கள். நேற்று வந்த ரத்தம் எச்சிலோடு கலந்து சில நிமிடங்களில் நின்றிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு மூன்று நாளைக்கு அந்த இடத்தைத் தொடாமல், காரமும் முறுக்கு மாதிரி கரகரப்பானதும் இல்லாமல் சாப்பிட்டால் ஆறிவிடும். ரத்தம் இன்னும் கசிந்தாலோ, காய்ச்சலோடு வலி கூடி வாயைத் திறக்கவே கஷ்டமானாலோ காத்திருக்காமல் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஹேர்பின், ஊக்கு, பல் குத்தும் குச்சி, புருவம் திருத்தும் இடுக்கி என்று கூர்மையான எதுவும் ஏன் ஆகாது? டான்சில் பஞ்சு போல மெத்தென்றிருந்தாலும் பல தமனிக் கிளைகள் வந்து சேருகிற இடம் அது. அதற்குப் பின்னால் சில சென்டிமீட்டர் தள்ளி, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியே ஓடுகிறது. குமட்டல் வந்து தலை ஒரு முறை வெட்டினால் போதும், கையில் இருப்பது எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. அவ்வளவு ஆழம் போகாவிட்டாலும் கீறிய இடத்தில் கிருமி நுழையலாம். ஆறும்போது உண்டாகும் தழும்பு குழியின் வாயைச் சுருக்கிவிட்டால் அடுத்த கல் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே பெருக்கும். நோண்ட நோண்டப் பிரச்சினை வளர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கல் என்கிறோமே தவிர, பெரும்பாலும் அது கெட்டிப்பட்ட அழுக்குதான். டான்சிலின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்காது. ஒவ்வொன்றிலும் பத்து இருபது குழிகள் கிளை விட்டு உள்ளே போகும். உதிர்ந்த தோல் செல்கள், சளி, சாப்பாட்டுத் துணுக்கு, பாக்டீரியா எல்லாம் அந்தக் குழிகளில் தங்கும். எச்சிலில் உள்ள கால்சியம் அதன் மேல் படிந்து மெல்லக் கெட்டியாகும். பல்லில் காரை படிவதும் ஏறக்குறைய இதே கதைதான். குழியின் அடியில் காற்றுப் படாது. அங்கே வாழும் பாக்டீரியா புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை விடுகிறது. அழுகிய முட்டைக்கு வரும் நாற்றமும் இந்தக் குடும்பம்தான்.

ஆன்டிபயாடிக் ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கல்லுக்குள் இருக்கும் பாக்டீரியா ஒன்றோடொன்று பிசின் போல ஒட்டிப் படலமாக வாழ்கிறது. மாத்திரை ரத்தத்தின் வழியே வந்து அதற்குள் இறங்குவது கடினம். கொஞ்சம் குறைந்தாலும் குழி அப்படியே இருப்பதால் சில வாரங்களில் மறுபடி நிரம்பிவிடும். காய்ச்சலும் தொண்டை வீக்கமும் இல்லாத வெறும் கல்லுக்கு மூன்றாவது முறையும் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள்.

சரி, வீட்டில் எப்படி எடுப்பது? கண்ணுக்குத் தெரிகிற, குழியின் வாயில் எட்டிப் பார்க்கிற கல்லை மட்டும்தான் வீட்டில் முயலலாம். புண் ஆறிய பிறகு, வயிறு நிறைந்திருக்காத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, தலையை நன்றாக அண்ணாந்து நாலைந்து முறை கொப்பளியுங்கள். உப்பு கல்லைக் கரைக்காது. சளியை இளக்கி, குலுக்கலில் கல் நழுவ வழி செய்யும், அவ்வளவுதான். பாதி நாள் இதிலேயே வந்துவிடும்.

வரவில்லை என்றால் கையைக் கழுவிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, பஞ்சு இறுக்கமாக இருக்கும் புது இயர்பட்ஸ் ஒன்றை நனைத்துக்கொள்ளுங்கள். ‘ஆ’ என்று சொன்னபடி வாயால் மூச்சு விடுங்கள். கல்லைக் குத்தவும் கூடாது, குழிக்குள் பட்ஸை நுழைக்கவும் கூடாது. டான்சிலுக்கு முன்னால் திரைச்சீலை போல ஒரு மடிப்பு தெரியும். அதன் மேல், கல்லுக்குச் சற்றுக் கீழே வைத்து மெல்ல அழுத்தி மேல்நோக்கித் தள்ளுங்கள். பிதுக்கு பருப்புக்கு ஊறவைத்த மொச்சையை எப்படிப் பிதுக்குகிறோம்? கொட்டையை நோண்டுவதில்லை, தோலைப் பின்னாலிருந்து அமுக்குகிறோம், அது தானாகத் துள்ளி வருகிறது. இங்கும் அதே கைப்பக்குவம்தான். இரண்டு மூன்று முறைக்குள் வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். வழுக்கித் தொண்டைக்குள் போய்விட்டாலும் கெடுதல் இல்லை. வயிற்றுக்குப் போய்க் கரைந்துவிடும்.

பல் இடுக்கில் நீர் பாய்ச்சும் கருவியை டான்சிலுக்குப் பயன்படுத்தும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது. பீய்ச்சும் வேகம் கல்லை இன்னும் உள்ளே தள்ளலாம், சதையைக் கிழிக்கலாம். பயன்படுத்தியே தீருவேன் என்றால் மிகக் குறைந்த வேகத்தில், வெதுவெதுப்பான நீரில், குழிக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் படும்படி வையுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும், குழந்தைகளும், தொட்டாலே வாந்தி வருகிறவர்களும் கொப்பளிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்றதை மருத்துவரே செய்யட்டும். எங்களுக்கு அது சில நிமிட வேலை.

இனி, வாய் நாற்றம். உங்கள் கூச்சத்துக்கு இந்தக் கல்தானா காரணம் என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கல்லை நசுக்கினால் நாறும் என்பதால் மூச்சும் அதனால்தான் நாறுகிறது என்றாகிவிடாது. பெரும்பாலானவர்களுக்கு வாய் நாற்றம் நாக்கின் பின்பகுதியிலிருந்தும் ஈறிலிருந்தும்தான் வருகிறது.

ஜவுளிக்கடை விற்பனையாளர் ஒருவர் இப்படித்தான் ஆபரேஷன் வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு வந்தார். இரண்டு டான்சிலிலும் கல் இருந்தது உண்மை. அன்றே நான்கு கற்களை எடுத்துவிட்டு, மூன்று நாள் கழித்து மனைவியையும் அழைத்து வரச் சொன்னேன். தன் மூச்சின் வாசனை தனக்குச் சரியாகத் தெரியாது. நம்பிக்கையான இன்னொரு மூக்கு வேண்டும். “அப்படியேதான் இருக்கு டாக்டர்” என்றார் அந்த அம்மா. குழிகளில் கல் இல்லை. ஒரு கரண்டியால் நாக்கின் பின்பகுதியை மெல்ல வழித்து, சில விநாடி உலரவிட்டு முகர்ந்தால் அதே நாற்றம். கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு இடையே பல் நூலை விட்டு எடுத்தால் ரத்தமும் நாற்றமும் சேர்ந்து வந்தன. பல் மருத்துவரிடம் அனுப்பிக் காரையைச் சுத்தம் செய்து, நாக்கைப் பின்பகுதிவரை தினம் வழிக்கப் பழகிய பிறகு, ஒன்றரை மாதத்தில் மனைவியின் புகார் நின்றுபோனது. டான்சிலில் இன்றைக்கும் எப்போதாவது கல் வருகிறது. அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை.

நீங்களும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கல் வந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் வீட்டில் ஒருவரை முகர்ந்து சொல்லச் சொல்லுங்கள். நாற்றம் தெளிவாகக் குறைந்து, அடுத்த கல் சேரும்போது திரும்ப வந்தால் குற்றவாளி கல்தான். குறையவே இல்லையென்றால் டான்சிலை எடுத்தாலும் குறையாது.

உறுத்தலையும் இதே மாதிரி சோதிக்கலாம். கல்லால் வரும் உறுத்தல் பெரும்பாலும் ஒரே பக்கம், விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் இருக்கும். சில சமயம் அதே பக்கத்துக் காதிலும் வலிக்கும், ஏனென்றால் டான்சிலுக்கும் காதுக்கும் ஒரே நரம்பு கிளை விடுகிறது. கல் வெளியே வந்ததும் அல்லது ஓரிரு நாளில் உறுத்தல் போய்விடும். கல் போன பிறகும் தொண்டையின் நடுவில் உருண்டை நிற்கிற மாதிரி இருந்து, வெறும் எச்சில் விழுங்கும்போது தெரிந்து சாப்பிடும்போது மறைந்தால், அது வேறு விவகாரம். வயிற்று அமிலம் மேலே ஏறுவதும் மன அழுத்தமும் இதைச் செய்யும். மீன் சாப்பிட்ட அன்றே சுருக்கென்று தொடங்கியதென்றால் முள்ளைத்தான் முதலில் தேட வேண்டும்.

டான்சிலை எடுப்பதா என்பதற்கு இப்போதைக்கு என் பதில், வேண்டாம். எடுத்தால் அந்தக் கல் வராது என்பது உண்மைதான். ஆனால் பெரியவர்களுக்கு அது முழு மயக்கத்தில் செய்யும் ஆபரேஷன். பத்து முதல் பதினான்கு நாள்வரை எச்சில் விழுங்குவதே வேதனையாக இருக்கும். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை, புண்ணின் மேல்படலம் உதிரும் நேரத்தில், சிலருக்கு ரத்தக் கசிவு ஏற்பட்டு மறுபடி ஆபரேஷன் அறைக்குப் போகவேண்டி வரும். குழிகளை மட்டும் லேசர் போன்ற கருவிகளால் சமன்படுத்தும் முறையும் இருக்கிறது. வலி குறைவு, ஆனால் ஒரே தடவையில் முடியாமல் போகலாம். விட்டுப்போன குழியில் கல் திரும்பவும் சேரலாம். மூன்று மாதம் ஒழுங்காகக் கொப்பளித்து, நாக்கும் ஈறும் சரிசெய்து, சோதனையில் கல்தான் காரணம் என்று தெரிந்து, அப்படியும் வாரம் தவறாமல் தொல்லை என்றால் அப்போது பேசலாம். அடிக்கடி காய்ச்சலோடு டான்சில் வீங்குகிறவர்களுக்குக் கணக்கே வேறு.

உங்களுக்கு வலது பக்கம் மட்டும் என்பதால் ஒரு முறை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நேரில் காட்டிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கல் வருவது சகஜம்தான். ஆனால் அந்தப் பக்கத்து டான்சிலே மற்றதைவிடப் பெரிதாகவோ கல் போல இறுக்கமாகவோ இருக்கிறதா, மேலே ஆறாத புண் உண்டா, கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டும். சிகரெட், புகையிலை, பாக்குப் பழக்கம் இருந்தால், அல்லது காறாமலே எச்சிலில் ரத்தம் வந்தால், சாப்பாடு விழுங்கச் சிரமப்பட்டால், எடை குறைந்தால் இந்த வாரமே போங்கள். போகும்போது கல்லைத் தேடி எடுத்துவிட்டுப் போகாதீர்கள். இருந்தபடியே இருந்தால்தான் எந்தக் குழியிலிருந்து வருகிறது என்று எங்களால் பார்க்க முடியும்.