திறப்பைச் சாவியாக்கிப்போடுது: மட்டக்களப்புத் தமிழும் மெசின் எழுத்தும், கேள்வி பதில்

அக்கரைப்பற்று, கமக்காரர் அமைப்புச் செயலாளர்: தண்ணி திறக்கிற அறிவித்தல ஏஐக்குக் குடுத்துத் திருத்தினன். வடிவா வந்திருக்கு. ஆனா ஆக்கள் வந்து சண்டை புடிக்காங்க. என்ன பிழை?

நீங்கள் அனுப்பிய இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் எழுதியது: "வட்டைக்கு வியாழக்கிழமை தண்ணி வரும். வாய்க்கால் துப்பரவாக்காத ஆக்கள் அதுக்கு முந்தி முடிக்கணும்." திரும்பி வந்தது: "வியாழக்கிழமை வயலுக்குத் தண்ணீர் வரும். கால்வாயைச் சுத்தம் செய்யாதவர்கள் அதற்கு முன் முடிக்கவும்."

இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை, பொருள்தான் மாறிவிட்டது. வட்டை என்றால் பலருடைய காணிகள் சேர்ந்த முழு வெளி. அதைப் பார்க்க வட்டவிதானை இருப்பார். வயல் என்றால் அவரவர் வயல். வியாழக்கிழமை வட்டையின் தலைப்பக்கம் தண்ணி ஏறினாலும், கடைசிக் காணிக்குப் போய்ச் சேரச் சுணங்கும். "என்ட வயலுக்கு வியாழன் எண்டு போட்டிருந்தீங்களே" என்று கடைசிக் காணிக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது வாய்க்கால். அது அவரவர் காணியை ஒட்டி ஓடுகிற சின்னது. கால்வாய் என்று வாசித்தவர், அது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வேலை என்று மண்வெட்டியைத் தொடாமல் இருந்திருப்பார். வட்டை, வாய்க்கால் இரண்டையும் திரும்பப் போட்டு, மற்றதை அப்படியே விடுங்கள்.

அறுவடை நேரம் இன்னும் கவனம் வேண்டும். "சூடு வைச்சாச்சு" என்றால் நமக்கு அறுத்த கதிரை அடுக்கிக் குவித்தாயிற்று. தமிழ்நாட்டில் சூடு வைப்பது என்றால் காய்ச்சிய இரும்பால் சுடுவது.

மட்டக்களப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியர்: மெசின் செய்றது சரிதானே. கதிரை போத்துக்கீசச் சொல்லு, நாற்காலி சுத்தத் தமிழ். பிள்ளைகள் சுத்தத் தமிழ் படிக்கட்டும்.

கதிரை போத்துக்கீசம் என்பது சரி, ஐயா. ஆனால் அதே மெசின் நம்முடைய "திறப்பு" என்ற சொல்லையும் "சாவி" ஆக்குகிறது. சாவிதான் போத்துக்கீசம், திறப்பு திற என்ற வினையில் பிறந்த தமிழ். ஜன்னலும் போத்துக்கீசம்தான். மெசின் சுத்தத்தைப் பார்த்து மாற்றுவதில்லை. எந்தச் சொல்லை அதிகம் வாசித்திருக்கிறதோ அதைப் போடுகிறது. அதில் பெரும்பங்கு தமிழ்நாட்டு எழுத்து.

ஆசிரியர் மறுபடியும்: திறப்பு விசயம் ஏற்கிறன். ஆனாலும் பாடப்புத்தகத்தில "மறுகா" எண்டு எழுத ஏலாது.

பாடத்தின் விளக்கப் பகுதியில் எழுத வேண்டாம். கதையில் பேசுகிற ஆளின் வாயில் வந்தால் எழுத வேண்டும் என்பது என் நிலை. உங்கள் நிலை வேறு என்று தெரிகிறது.

திருக்கோவில், நாடகம் எழுதுபவர்: "இலங்கைத் தமிழில் எழுது" எண்டு சொல்லிப் பார்த்தன். எல்லாரும் யாழ்ப்பாணத்தாக்களாப் போயிட்டாங்க!

எல்லாத்தையும் தமிழ்நாட்டுத் தமிழ் ஆக்குவது முதல் தட்டையாக்கல், இது இரண்டாவது. இலங்கை என்றதும் யாழ்ப்பாணப் பேச்சு வந்து விழும்: "பேந்து", "இஞ்சை". நம் பக்கம் பேந்துக்கு மறுகா, கொஞ்சத்துக்கு ஒள்ளுப்பம், திரும்புவதற்குக் கிறுகுவது. ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால், மெசின் வசனத்துக்கு வசனம் "கா" ஒட்டிவிடும், அதுவும் பொய்தான். உங்கள் ஊராட்கள் பேசியதில் பத்துப் பதினைந்து வரி கேட்டபடியே எழுதிக் கொடுங்கள். கூடவே மாற்றக்கூடாத சொற்களின் பட்டியலும் கொடுங்கள். வந்த பிறகு "பேந்து", "சாவி", "நாற்காலி" மூன்றையும் தேடிப் பாருங்கள். ஒன்று அகப்பட்டாலும் முழுவதையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும்.

காத்தான்குடி, கதை எழுதுபவர்: எங்கட கதையில காக்கா வாறார். மெசின் பறக்க விட்டுட்டு.

உங்கள் காக்கா மூத்த சகோதரர். தமிழ்நாட்டு எழுத்தில் அது காகம். "அண்ணா" என்று திருத்தினாலும் அந்த வீடு மாறிவிடும். ராத்தாவை அக்கா ஆக்கினாலும் அப்படியே. வாப்பாவையும் பாருங்கள்: முஸ்லிம் குடும்பம் என்று தெரிந்ததும் தமிழ்நாட்டு "அத்தா" வந்து உட்காரலாம். உறவுப் பெயர்களை முதலிலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் யார் யாருக்கு என்ன முறை என்று கொடுத்துவிடுங்கள்.

வாழைச்சேனை: என்ட போனில "என்னகா" அடிச்சா வேற சொல்லா மாறுது. இதுக்கும் மருந்து இருக்கா?

அது விசைப்பலகையின் தன்னியக்கத் திருத்தம், வேறு விசயம். அந்தச் சொல்லை போனின் சொந்த அகராதியில் சேர்த்துவிட்டால் நிற்கும்.

கல்முனை: மலேசியாவில இருக்கிற சம்பந்தி "பசியாறிட்டீங்களா" எண்டு அனுப்பினா. மெசின் "உங்கள் பசி தீர்ந்ததா" எண்டு விளக்கம் சொல்லுது. பட்டினியா கிடக்கிறம் எண்டு நினைச்சாவோ?

இல்லை, காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று சுகம் விசாரிக்கிறா. "ஓம், பசியாறிட்டம்" என்று எழுதுங்கள்.