அரிசி அளக்கும் டப்பாவிலிருந்து தொடங்குங்கள்

"வணக்கம் டாக்டர். வயது 43, ரங்கூனில் கடை வைத்திருக்கிறேன். உயரம் 168 சென்டிமீட்டர், எடை 78 கிலோ, இடுப்பு 96 சென்டிமீட்டர். வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, ஹெச்பிஏ1சி 6.1. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்றார்கள், மருந்து தரவில்லை. சோற்றை அடியோடு நிறுத்தினேன். பத்து நாளில் 2 கிலோ குறைந்தது, பிறகு தாங்க முடியாமல் மறுபடி சாப்பிட்டேன், நாலே நாளில் எடை திரும்பிவிட்டது. காலையில் டீக்கடையில் இரண்டு பலாட்டாவும் பட்டாணியும். மதியமும் இரவும் சோறு. வீட்டில் நாலு பேருக்கு ஒரு வேளைக்கு இரண்டு டப்பா அரிசி போடுகிறோம். பால் டீ நாளுக்கு மூன்று. காலை 40 நிமிடம் கண்டோஜி ஏரியைச் சுற்றி நடக்கிறேன், தொப்பை குறையவில்லை. சோறு எவ்வளவு சாப்பிடலாம்? சப்பாத்திக்கு மாறட்டுமா? நடப்பதற்கு முன் ஏதாவது சாப்பிட வேண்டுமா?"

பத்து நாளில் போன 2 கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான். சோற்றுச் சர்க்கரையை உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜன் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்துக்கொண்டிருக்கும். சோறு நின்றதும் அந்த இருப்பு கரைந்து தண்ணீரும் சிறுநீரில் போய்விட்டது. மறுபடி சோறு உண்டதும் இரண்டும் திரும்பி வந்தன. எடைக்கருவி நாலு நாளில் காட்டிய ஏற்றம் இதுதான், நீங்கள் கொழுத்துவிடவில்லை. ஆகவே இனி தினமும் எடை பார்க்க வேண்டாம். வாரம் ஒரு நாள் காலையில் கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு எடையைப் பாருங்கள், தொப்புள் மட்டத்தில் நாடாவைச் சுற்றி இடுப்பையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் இடுப்பின் அளவைத்தான் நான் அதிகம் நம்புவேன். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல் போனாலே உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று கொள்கிறோம்.

இனி சோறு. நீங்கள் சொல்லும் டப்பா, டின் பால் காலியானபின் அரிசி அளக்க வைத்துக்கொள்வதுதானே? பர்மிய அளவையில் எட்டு டப்பா ஒரு ப்யீ. தலைதட்டி அளந்தால் ஒரு டப்பாவில் சுமார் 265 கிராம் அரிசி பிடிக்கும், வெந்தால் 700 கிராம் சோறாகும். நாலு பேருக்கு இரண்டு டப்பா என்றால் தலைக்கு அரை டப்பா. அதாவது 350 கிராம் சோறு, அதில் மாவுச்சத்து 105 கிராம் அளவுக்கு. வீட்டில் குழந்தைகள் குறைவாக உண்டால் உங்கள் தட்டில் இதைவிடக் கூடுதலாகத்தான் விழும். இரண்டு வேளை என்றால் சோற்றிலேயே 210 கிராம் மாவுச்சத்து.

உங்களுக்கு நான் சொல்லும் அளவு வேளைக்குக் கால் டப்பா அரிசியின் சோறு. வெந்த எடையில் 175 கிராம், மாவுச்சத்து சுமார் 52 கிராம். இந்த ஒரு மாற்றத்திலேயே நாளுக்கு 450 கலோரிக்கு மேல் குறைகிறது. முதல் வாரம் மட்டும் சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். பிறகு அதே அளவு கொள்ளும் ஒரு கிண்ணத்தை ஒதுக்கிவைத்து, அதில் அமுக்காமல் அள்ளித் தட்டில் கவிழ்த்துக்கொண்டால் போதும். பானையை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். கறி மிச்சமிருக்கிறதே என்று இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்ளும் இடத்தில்தான் கணக்கு உடைகிறது. இன்னொன்று, உலையில் போடும் அரிசியையே குறையுங்கள். இரண்டு டப்பா வழக்கமாக வெந்துகொண்டிருந்தால் மிஞ்சியதை யாராவது சாப்பிட்டுத்தான் தீர்ப்பார்கள், பெரும்பாலும் அது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டதால்தான் போன முறை தாங்க முடியவில்லை. பசியை அடக்குவது புரதமும் நாரும். ஒவ்வொரு வேளையும் உள்ளங்கை அளவு மீனோ கோழியோ, இல்லையென்றால் இரண்டு முட்டை இருக்கட்டும். சைவமாக இருந்தால் கெட்டியாக வைத்த பருப்பு ஒரு கிண்ணம், கூடவே டோஃபு. காய்கறி இரண்டு கைப்பிடி. கசின்கீரை, வெண்டை, புடலை, அவரை எதுவானாலும் சரி, உருளைக்கிழங்கை மட்டும் சோற்றுக் கணக்கில் சேருங்கள். சாப்பிடும்போது காயையும் மீனையும் பாதியளவு முடித்துவிட்டுப் பிறகு சோற்றைத் தொடுங்கள். அதே சோறு, அதே அளவு, ஆனால் கடைசியில் உண்ணும்போது சர்க்கரை ஏறும் உச்சி தாழ்கிறது. பர்மியச் சமையல் முறையில் எண்ணெய் பிரிய வைத்த கறியாக இருந்தால் மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கி அடியிலிருந்து துண்டை எடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. சர்க்கரையை அது உடனே ஏற்றாது, ஆனால் தொப்பையை அப்படியே வைத்திருக்கும்.

சப்பாத்திக்கு மாறுவதில் பெரிய லாபம் இல்லை. கையகலச் சப்பாத்தி ஒன்றில் 18 முதல் 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, மூன்று சப்பாத்தி என்றால் உங்கள் கால் டப்பாச் சோறுதான். சப்பாத்திதானே என்று ஐந்து சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை குறைவதில்லை. கைக்குத்தல் அரிசியில் நார் கூடுதல், பிடித்தால் உண்ணலாம், அளவு மட்டும் அதே கிண்ணம். சோற்றை ஆறவைத்து உண்டால் சர்க்கரை ஏறாது என்று சிலர் சொல்கிறார்கள். ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி செரிக்காத வகையாக மாறுவது உண்மை, ஆனால் அளவைக் கூட்டிக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பலன் பெரிதல்ல. இந்த வெக்கையில் இரவுச் சோறு வெளியே கிடந்தால் அதில் கிருமி பெருகி வாந்தி வரும். வைப்பதானால் ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் சோற்றுக்கு அடுத்ததாக என் கண் நின்றது டீயில். டின் பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. கடை டீயில் இரண்டு மேசைக்கரண்டி விழுந்தால் ஒரு கோப்பையில் 20 கிராம் சர்க்கரையும் 120 கலோரிக்கு மேலும் போகும். மூன்று கோப்பையில் 60 கிராம். மெல்ல வேண்டியதில்லை, பசியும் அடங்காது, நேராக இரத்தத்தில் கலந்துவிடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதிலும் டின் பாலைப் பாதியாகப் போடச் சொல்லுங்கள். மற்ற நேரத்துக்குக் கடையில் மேசைமேல் இருக்கும் வெறும் பச்சைத் தேநீரே போதும். வீட்டில் சாதாரணப் பாலில் சர்க்கரையில்லாமல் போட்ட டீ தாராளமாகக் குடிக்கலாம்.

காலையில் இரண்டு பலாட்டாவில் எண்பது கிராம் அளவுக்கு மைதா மாவுச்சத்தும் நிறைய எண்ணெயும் சேர்கிறது. ஒன்றாகக் குறைத்து, பட்டாணியைக் கூட்டி, ஒரு அவித்த முட்டை சேருங்கள். பட்டாணியிலும் மாவுச்சத்து உண்டு, ஆனால் நாரும் புரதமும் இருப்பதால் மெதுவாக ஏறும். மொஹிங்கா சாப்பிடுகிற நாளில் நூடுல்ஸைப் பாதியாகப் போடச் சொல்லி, பொரித்ததற்குப் பதில் முட்டை கேளுங்கள்.

நடை பற்றி. மருந்து எதுவும் சாப்பிடாத உங்களுக்கு 40 நிமிட நடைக்கு முன் உணவு தேவையில்லை, வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்காது. ஆனால் உங்கள் எடையில் அந்த நடைக்குச் செலவாவது 200 கலோரி அளவுதான். திரும்பி வரும் வழியில் பலாட்டாவும் பால் டீயும் அதைவிடக் கூடுதலாகத் தருகின்றன. தொப்பை குறையாததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. நடையை விடவேண்டாம், கொஞ்சம் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் 20 நிமிடம், மதியச் சாப்பாடு முடிந்து கால் மணிக்குள் 10 நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம். இயங்கும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சோற்றின் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் நடந்தால்தான் அந்த இழுப்பின் முழுப் பயன் கிடைக்கும். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தே இருக்காமல் எழுந்து சரக்கு அடுக்குவதும் இதில் சேரும்.

வாரம் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு விட்டு, தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை, சுவரில் கையூன்றித் தள்ளுவது 10 முறை, தோள்பையில் அரிசி கட்டித் தூக்குவது 10 முறை. மூன்றையும் சேர்த்து மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும், எளிதாகிவிட்டால் கனத்தைக் கூட்டுங்கள். சாப்பாட்டைக் குறைத்து நடை மட்டும் போனால் கொழுப்போடு தசையும் கரையும், தசை குறைந்தால் சர்க்கரையைச் சேர்த்துவைக்கும் இடமும் குறையும். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறலோ வந்தால் அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

கால் டப்பா உங்களுக்குச் சரிதானா என்பதை உங்கள் இரத்தமே சொல்லும். ஒரு குளுக்கோமீட்டர் கடன் கிடைத்தாலும் போதும். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒருமுறை, முதல் கவளம் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி கழித்து ஒருமுறை பாருங்கள். விரலைச் சோப்பால் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள், பழம் தொட்ட விரல் பொய் சொல்லும். இரண்டாவது எண் 140க்குக் கீழே இருந்தால் அளவு பொருந்துகிறது. 160, 170 என்று நின்றால் வேறு ஒரு நாள் அதே சாப்பாட்டை உண்டு, பின் நடையை 20 நிமிடமாக்கிப் பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் கிண்ணத்தில் இரண்டு மேசைக்கரண்டி சோறு குறையுங்கள். வாரத்துக்கு இரண்டு ஜோடி அளவு போதும்.

இலக்கு 5 முதல் 6 கிலோ. அமெரிக்காவில் 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரம் 150 நிமிடம் நடப்பதையும் இலக்காகக் கொண்டவர்களிடம் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்கள் 78 கிலோவில் 7 சதவீதம்தான் அந்த ஐந்தரைக் கிலோ. வாரம் அரைக் கிலோவுக்கு மேல் வேகம் வேண்டாம். மூன்று நாலு வாரமாக எடையும் இடுப்பும் அசையவில்லை என்றால் கிண்ணத்தை மறுபடி தராசில் வைத்துப் பாருங்கள். 175 கிராம் மெல்ல மெல்ல 250 ஆகியிருப்பதைத்தான் பெரும்பாலும் காண்பீர்கள்.

ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. அதை மூன்று மாதம் கழித்தே திரும்ப எடுங்கள், அதற்கு முன் எடுத்தால் பழைய மாதங்களின் கணக்கும் கலந்திருக்கும். குடும்பத்தில் யாருக்காவது தலசீமியாவோ ஹீமோகுளோபின் ஈ என்ற பரம்பரை இரத்த மாறுபாடோ இருந்தால், அல்லது உங்களுக்கு இரத்தசோகை இருந்தால், இந்த எண் உண்மையைவிடக் கூடவோ குறையவோ காட்டக்கூடும். அப்படியானால் மருத்துவரிடம் சொல்லி, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். இடையில் தாகம் மிகுந்து, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்து, முயலாமலே எடை விழுந்தால் மூன்று மாதம் காத்திருக்காமல் அன்றே சர்க்கரை பாருங்கள்.