இடம் மாறிய தூக்கம்

அன்புள்ள ஐயா,
எனக்கு 34 வயது. கவனக்குறைபாடு இருப்பது சென்ற ஆண்டுதான் உறுதியானது. பகலெல்லாம் மந்தமாக இருக்கும் மூளை, இரவு பத்தரைக்கு விளக்கை அணைத்ததும் விழித்துக்கொள்கிறது. இரண்டரைக்குத்தான் தூக்கம் வருகிறது. காரணம் கைபேசியா, மாத்திரையா? என் சோம்பலை முறிக்க அடுத்த வாரம் முதல் ஐந்து மணிக்கே எழுந்து, விடிந்ததும் வெயிலில் நடக்கப்போகிறேன். சரிதானே?
கா.

அன்புள்ள கா.,

பிறர் உங்களைச் சோம்பேறி என்று திட்டியது போதாதென்று நீங்களும் அவர்களோடு சேர்ந்துகொள்வது எனக்குக் கோபமூட்டுகிறது. கைபேசி தூக்கத்தைச் சற்றுத் தள்ளும்தான். மாத்திரை எடுக்கும் நேரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவ்விரண்டையும் இதோடு விடுகிறேன்.

என் தங்கைக்கும் இதே குறைபாடு உண்டு. மாலையில் ஒரு பக்கம் படிக்கத் தவிப்பவள், வீடு அடங்கிய பிறகு மேசையைத் துடைத்து, தாள்களை அடுக்கி, தேங்கிய வேலையெல்லாம் ஒரே மூச்சில் முடிப்பாள். அடங்காதவள் என்று பெயர் வாங்கினாள். ஆனால் யாரும் எழுப்பாத விடுமுறைகளில் மூன்று மணிக்குப் படுத்து, படுத்த சற்று நேரத்திலேயே தூங்கி, பத்தரைக்குத் தெளிந்த முகத்தோடு எழுவாள். எந்நேரம் படுத்தாலும் புரள்பவர்களுக்கு இது வாய்க்காது. அவளுடைய தூக்கம் கெடவில்லை, இடம் மாறியிருந்தது.

வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உடலின் உள்கடிகாரம் விழிப்பை மிக வலுவாகத் தாங்கிப் பிடிக்கிறது. பகல் முழுதும் சேர்ந்த களைப்பு நம்மை முன்னதாகவே சாய்த்துவிடாமல் காக்கும் ஏற்பாடு அது. பெரெட்ஸ் லாவி என்ற ஆய்வாளர் 1986இல் இதைத் தூக்கத்துக்குத் தடையான வேளை என்றே குறித்தார். பதினொன்றுக்குத் தூங்குபவருக்கு அது எட்டு மணியளவில் தொடங்கி, யாரும் கவனிக்காமல் கழிந்துவிடும். உங்களுக்கோ அந்த உச்சம் நீங்கள் விளக்கை அணைத்த பிறகு வருகிறது. தூக்கம் பிந்தும் கவனக்குறைபாடுள்ள பெரியவர்களுக்கு, இரவு வந்ததை உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற சுரப்பு மாலையில் சுரக்கத் தொடங்குவதே ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகத் தாமதமாவதை 2010இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள்.

இனி அந்த ஐந்து மணித் திட்டம். தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். தடையின்றித் தூங்கினால் நீங்கள் பத்துக்கு எழுவீர்கள் என்று கொள்வோம். அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு, ஏறத்தாழ ஏழரைக்கு, உடல் வெப்பம் மிகத் தாழ்கிறது. அதற்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும். அதற்கு முன்பு படும் வெளிச்சம் இன்னும் பின்னே தள்ளும். ஆறரை மணி வெயிலில் நடந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு உங்கள் நோயையே வளர்ப்பீர்கள். மாறாக, பத்துக்கு எழுந்தவுடன் அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எழும் நேரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்துங்கள். வேலைக்காக முன்னதாக எழ நேர்ந்தால், ஏழரை வரை கண்ணில் வெளிச்சம் அதிகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையிலிருந்து படுக்கும் நேரம் வரை விளக்குகள் மங்கலாகவே இருக்கட்டும்.

மெலடோனின் மாத்திரையைத் தூக்க மாத்திரைபோலப் படுக்கும்போது விழுங்குபவர்கள் பலர். கடிகாரத்தை நகர்த்தவேண்டுமானால் மிகச் சிறிய அளவில், படுப்பதற்குப் பல மணி நேரம் முன்பே எடுக்கவேண்டும். நிறுத்தினால் தூக்கம் பழைய இடத்துக்கே திரும்பக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். அதற்கு முன்பாக, இரண்டு வாரம் தூங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும், விடுமுறை நாள்களைத் தனியாகக் குறித்து, எழுதி எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள்.