எடைக்கு ஏற்ற புரதம்: பருப்பு, முட்டை, பன்னீர் கணக்கு

கேள்வி: என் எடை 64 கிலோ, வயது 41. நடைப்பயிற்சி மட்டும் செய்கிறேன். ஒரு கிலோவுக்கு 1 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். மீன், இறைச்சி சாப்பிடுவதில்லை. தினமும் சாம்பார் உண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை, பன்னீர் எப்போதாவது. வீட்டில் நான்கு பேரும் பெரியவர்கள், ஒரு நேரத்துக்கு 100 கிராம் துவரம்பருப்பு போடுகிறோம். இது போதுமா, இல்லை புரோட்டீன் பவுடர் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: பவுடர் வேண்டாம். ஆனால் இப்போது சாப்பிடுவதும் போதவில்லை. பருப்பைக் கொஞ்சம் கூட்டி, முட்டையைத் தினமும் ஆக்கினால் கணக்கு நேராகிவிடும்.

முதலில் தேவை. நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சொல்லும் அளவு. உங்களுக்கு 64 × 0.83 = 53 கிராம். இந்த அளவு நல்ல தரமான புரதத்தை வைத்துச் சொன்னது. சோறும் மாவும் அதிகமாகி, பருப்பும் பாலும் குறைந்த சாப்பாட்டில் புரதத்தின் தரம் இறங்குவதால் 1 கிராம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அப்போது 64 கிராம். ஆக, 53-க்குக் கீழே போகக் கூடாது, 60-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. எடை தூக்கிக் கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்குத்தான் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவைப்படும். நடைப்பயிற்சிக்கு அது வேண்டாம்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 53 கிராம் புரதம் என்றால் 53 கிராம் பருப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பருப்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான் புரதம். வேகாத துவரம்பருப்பு 100 கிராமில் சுமார் 22 கிராம். பாசிப்பருப்பும் உளுந்தும் ஒன்றிரண்டு கிராம் கூடுதல், கடலைப்பருப்பு துவரையை ஒட்டியே வரும். முட்டை ஒன்றில் 6 கிராம், அதில் பாதிக்கு மேல் வெள்ளைக்கருவில் இருக்கிறது. பன்னீர் 100 கிராமில் 18 முதல் 20 கிராம்.

பருப்பை எப்போதும் வேகவைப்பதற்கு முன்பே நிறுத்துப் பாருங்கள். வெந்த பருப்பு தண்ணீரைக் குடித்து இரண்டு மூன்று மடங்கு கனமாகிவிடும், அதிலும் சாம்பாரில் தண்ணீர் எவ்வளவு என்பது அன்றன்றைய கைப்பக்குவம். அதனால் 'ஒரு கிண்ணம் சாம்பார்' என்பது ஒரு அளவே இல்லை. உங்கள் வீட்டில் 100 கிராம் பருப்பை நான்கு பேர் பகிர்ந்தால் தலைக்கு 25 கிராம், அதாவது 5.5 கிராம் புரதம். சாம்பார் தினமும் உண்டு என்பதால் புரதம் நிறையவே கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் அதிகம். உண்மையில் கிடைப்பது ஒரு முட்டை அளவுகூட இல்லை.

இப்போது உங்கள் ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம். காலையில் இட்லியோ தோசையோ, மதியம் சோறு, இரவு சப்பாத்தி என்று வைத்துக்கொண்டால் அரிசியும் கோதுமையும் சேர்ந்து, வேகாத எடையில் 250 கிராம் வரும். அதில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. பலரும் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. காபி, டீக்கான பாலும் தயிரும் சேர்ந்து 300 மில்லி என்றால் 10 கிராம். காய்கறியிலிருந்து 3. இதுவரை 33. மேலே சொன்ன சாம்பார் 5.5, இட்லி மாவில் உள்ள உளுந்து 15 கிராம் என்று வைத்தால் இன்னொரு 3.5. முட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதால் சராசரி 3. மொத்தம் 45. அடிமட்டத் தேவைக்கு 8 கிராம் குறைகிறது.

இந்தக் குறையை அடைக்க, உளுந்து உட்பட தலைக்கு 40 கிராமாக இருக்கும் பருப்பை 60 கிராமாக்குங்கள். அப்போது பருப்பிலிருந்து மட்டும் 13 கிராம் வரும். தினமும் ஒரு முட்டை 6 கிராம். 33 + 13 + 6 = 52, அடிமட்டம் கைக்கு எட்டிவிட்டது. முட்டையை இரண்டாக்கினால் 58. ஒரு முட்டையோடு 50 கிராம் பன்னீர் சேரும் நாளில் 61. உங்களுக்கு நான் சொல்வது இந்த 58-61 தான். முட்டையும் பன்னீரும் பிடிக்காத நாளில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை 6 கிராம் வரை தரும்.

தலைக்கு 60 கிராம் பருப்பை முழுக்கச் சாம்பாரிலேயே போட முடியாது, கட்டியாகிவிடும். மதியச் சாம்பாருக்கு 120 கிராம், இரவுக்குப் பாசிப்பருப்புக் கூட்டோ மாலையில் சுண்டலோ, மீதி இட்லி மாவு உளுந்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். அடை செய்யும் நாளில் பருப்பு ஒரே வேளையில் தாராளமாகச் சேர்ந்துவிடும். திடீரென இரட்டிப்பாக்கினால் வாயுத் தொல்லை வரும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள், சுண்டல் வகைகளை இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள்.

பருப்பையும் சோற்றையும் சேர்த்துச் சாப்பிடுவதில் நல்ல பலன் இருக்கிறது. அரிசி, கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறையும் மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். ஒரே வேளையில் சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஒரே நாளுக்குள் இரண்டும் போனால் போதும்.

அப்புறம் பன்னீர். எல்லாவற்றுக்கும் பன்னீரையே நம்புவது சரிவராது. 53 கிராமையும் அதிலிருந்தே எடுக்க வேண்டுமானால் 280 கிராம் சாப்பிட வேண்டும், கூடவே ஏறத்தாழ 60 கிராம் கொழுப்பும் உள்ளே போகும். அதனால் 50 கிராம், வாரம் இரண்டு முறை என்பது நல்ல அளவு.

வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்ற வரியைப் படியுங்கள், ஒரு பரிமாறலுக்கு என்று போட்டிருக்கும் எண் வேறு. 100 கிராமில் 18-ஐ ஒட்டி இருந்தால் சரி. மிகவும் குறைந்திருந்தால் பொருட்பட்டியலைப் பாருங்கள். பாலோடு தாவர எண்ணெயோ மாவோ இருந்தால் அது பன்னீர் அல்ல, பன்னீர்போலச் செய்த பொருள். அதைப் பன்னீர் என்ற பெயரிலேயே விற்கக் கூடாது என்பது இந்திய விதி. லேபிள் இல்லாமல் உதிரியாக வாங்கினால் ஒரு துண்டைத் தண்ணீரில் வேகவைத்து ஆறியபின் இரண்டு சொட்டு அயோடின் டிஞ்சர் விடுங்கள். கருநீலமாக மாறினால் மாவு கலந்திருக்கிறது. தாவர எண்ணெய் கலந்திருந்தால் இந்தச் சோதனை காட்டாது, ஆகவே நிறம் மாறவில்லை என்பதற்காக முழுக்க நம்பிவிடக் கூடாது.

நீங்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ள தினமும் தராசோடு நிற்க வேண்டியதில்லை. மளிகைப் பட்டியல் போதும். தலைக்கு 60 கிராம், நான்கு பேர், 30 நாள் என்றால் 7.2 கிலோ. துவரை, பாசி, உளுந்து, கடலை, கொண்டைக்கடலை எல்லாம் சேர்த்து மாதம் ஏழு கிலோ உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். மூன்று கிலோதான் வருகிறது என்றால் தலைக்கு 25 கிராம், அவ்வளவுதான். முட்டை தலைக்கு ஒன்று என்றால் மாதம் 120. பன்னீர் வாரம் 400 கிராம்.

பவுடரைப் பொறுத்தவரை, ஒரு கரண்டியில் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும். உங்களுக்குக் குறைவது 8 கிராம்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 67, உயரம் 155 செ.மீ., எடை 88 கிலோ. எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால் அவர் 88 கிராம் புரதம் சாப்பிட வேண்டுமா? முட்டை சாப்பிடுவார். சர்க்கரை நோய் உண்டு.

பதில்: இல்லை. கூடுதலாக இருக்கும் கொழுப்புக்கு அந்த அளவு புரதம் தேவைப்படாது. உயரத்துக்குப் பொருந்தும் எடையை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் உள்ள உயரத்தை அதாலேயே பெருக்கி, 23-ஆல் பெருக்கினால் கிடைக்கும்: 1.55 × 1.55 × 23 = 55 கிலோ. வயது 65-ஐத் தாண்டிவிட்டால் தசை வேகமாகக் கரையும், அதனால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வைப்பது வழக்கம். அம்மாவுக்கு 55 முதல் 66 கிராம்.

ஆனால் எதையும் கூட்டுவதற்கு முன் ஒரு விஷயம். சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம், அது ஆரம்பத்தில் வெளியே தெரியாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் புரதத்தைக் கூட்டுவதற்குப் பதில் குறைக்கச் சொல்வார்கள். ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிட்டு, அந்த முடிவோடு மருத்துவரிடம் அளவைக் கேளுங்கள்.

சிறுநீரகம் நன்றாக இருந்தால், அவருக்கு முட்டைதான் சுலபமான வழி. மெல்ல எளிது, நன்றாகச் செரிக்கும். பச்சையாகக் கொடுக்காமல் வேகவைத்தே கொடுங்கள், வெந்த முட்டையின் புரதம்தான் உடலில் முழுமையாகச் சேரும். வயதானவர்கள் பலரும் மதியம் மட்டும் பருப்பு சாப்பிட்டுவிட்டு, காலையும் இரவும் இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்வார்கள். ஒரு முட்டையைக் காலைக்கு மாற்றுங்கள், இரவுச் சட்னியின் இடத்தில் கெட்டியான பாசிப்பருப்பு வையுங்கள். சர்க்கரைக்கும் அது சட்டென ஏறாது.